ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மயங்கினால்

வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஓட்டுநர் மயங்கி விழுந்தாலோ, வலிப்பு வந்து கைகால் வெட்டினாலோ, அந்த நொடியிலிருந்து வண்டியை அவர் ஓட்டவில்லை. கால் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்கலாம், கை ஸ்டியரிங்கைச் சுழற்றலாம். ஆனாலும் அவை அவருடைய செயல்கள் ஆகா. நினைவிழந்த உடலின் அசைவுக்கு மனிதனைப் பொறுப்பாக்குவதில்லை என்பதைப் பெரும்பாலான நாடுகளின் சட்டம் ஒப்புக்கொள்கிறது. அதனால் எதிரே வந்தவர் செத்துப்போனாலும், மோதிய கணத்தை மட்டும் பார்த்தால் ஓட்டுநர்மீது கவனக்குறைவைச் சுமத்த முடியாது.

நீதிமன்றம் அந்தக் கணத்தை மட்டும் பார்ப்பதில்லை. கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்புகிறது. நினைவு தப்புவதற்கு ஒரு நிமிடம் முன்பு அவருக்கு ஏதாவது தெரிந்ததா? அன்று காலை வண்டியில் ஏறியபோது? கடைசியாக மருத்துவரைப் பார்த்தபோது? நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இதேபோல் மயங்கியபோது? தனக்கு இப்படி நேரலாம் என்று தெரிந்திருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்து, அப்படியும் வண்டியை எடுத்திருந்தால் கவனக்குறைவு அங்கே இருக்கிறது. மோதலின்போது அவர் நினைவோடு இருந்தாரா இல்லையா என்பது பிறகு பெரிய விஷயம் இல்லை. இந்தத் துறையின் வழக்குகள் எல்லாம் சுற்றிச்சுற்றி இந்த ஒரு கேள்வியிடமே வந்து நிற்கின்றன.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் வழக்கு இங்கிலாந்தில் நடந்தது. காலை உணவுத் தானியம் விற்கும் வீட்டாபிக்ஸ் நிறுவனத்தின் 38 டன் லாரி ஒன்று, ஓர் ஊரின் வளைவில் திரும்பாமல் நேராகப் போய் ஒரு கடைக்குள் புகுந்தது. கடைக்குப் பலத்த சேதம். உரிமையாளர்கள் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டார்கள். லாரியின் ஓட்டுநருக்குக் கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் புற்றுக்கட்டி இருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. அந்தக் கட்டி தேவையில்லாத நேரத்திலும் இன்சுலினைக் கொட்டும், ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். மூளைக்கு உணவே சர்க்கரைதான். அது குறையும்போது மனிதன் சட்டென்று விழுவதில்லை. முதலில் யோசனை மழுங்குகிறது, பிறகு கை தடுமாறுகிறது, தனக்கு என்னவோ ஆகிறது என்று உணரும் திறனும் கூடவே போய்விடுகிறது. கடைசியாகச் சொன்னதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி.

ஏனென்றால் அந்த ஓட்டுநர் கடைக்குள் புகுவதற்கு முன்பு, அதே பயணத்தில் சுமார் 40 மைல் தூரம் ஓட்டியிருந்தார். வழியிலேயே வேறு மோதல்களும் நடந்திருந்தன. சாதாரணமாகப் பார்த்தால், ஏற்கெனவே இடித்துவிட்டு நிறுத்தாமல் போனவர் கவனக்குறைவானவர் இல்லையா? விசாரணை நீதிபதி அப்படித்தான் முடிவு செய்தார். ஓட்டுநர் முழுக்க நினைவிழக்கவில்லை, ஓரளவு வண்டியை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார், ஆகவே பொறுப்பு உண்டு என்பது அவருடைய கணக்கு.

1997-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. தனக்கு இந்த நோய் இருப்பது ஓட்டுநருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள எந்தக் காரணமும் இருக்கவில்லை. சர்க்கரை சரிந்துகொண்டிருந்தபோது தன் ஓட்டம் கெட்டுப்போவதையும் அவரால் உணர முடியவில்லை, ஏனென்றால் உணர வேண்டிய மூளையே பட்டினியில் இருந்தது. நீதிபதிகள் வைத்த அளவுகோல் இது: ஓட்டும் திறனைக் கெடுக்கும் நோய் தனக்கு இருப்பதை அறியாத ஒரு திறமையான ஓட்டுநரிடம் என்ன எதிர்பார்க்கலாமோ, அதுதான் இவரிடமும் எதிர்பார்க்கப்படும். அதற்கு மேல் கேட்டால், தவறே இல்லாமல் பொறுப்பைச் சுமத்துவதாகிவிடும். இங்கிலாந்தின் சட்டம் சாலை விபத்தில் அந்த வழியை எடுக்கவில்லை. நினைவு முழுவதும் போனதா, பாதி போனதா என்ற வேறுபாடும் இங்கே செல்லாது என்றார்கள். நோய் திடீரென்று தாக்கினாலும் மெல்ல மெல்ல ஏறினாலும் ஒன்றுதான். அவருக்குத் தெரிந்ததா என்பதுதான் கேள்வி. கடைக்காரர்கள் தோற்றார்கள். இடிந்த கடையை நினைத்தால் கொஞ்சம் கசக்கிற முடிவுதான், ஆனால் தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

இதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வழக்கை அருகில் வைத்துப் பார்த்தால் கோடு எங்கே விழுகிறது என்பது புரியும். 73 வயது மனிதர் ஒருவர் காலையில் வீட்டிலிருந்து காரில் கிளம்பினார். கிளம்பும் முன்பே மூளையில் பக்கவாதம் தொடங்கிவிட்டது, அது அவருக்குத் தெரியாது. வழியில் நின்றுகொண்டிருந்த ஒரு வேனில் மோதினார். அங்கிருந்தவர்களிடம் பேசிவிட்டு, மறுபடி காரை எடுத்து ஓட்டினார். பிறகு நிறுத்தியிருந்த இன்னொரு காரில் மோதினார், ஆட்களுக்குக் காயம். நோய் இவர் தேடிக்கொண்டதில்லை. மூளை பாதிக்கப்பட்டிருந்ததும் உண்மை. ஆனாலும் நீதிமன்றம் இவரைப் பொறுப்பாளி என்றது. காரணம், ஓட்டத் தொடங்கியதிலிருந்தே உடம்பு என்னவோ போல் இருப்பதை அவர் உணர்ந்திருந்தார். முதல் மோதல் ஒரு எச்சரிக்கை. அதற்குப் பிறகும் ஓட்டியது கவனக்குறைவு. பக்கவாதம் வந்ததால் தனக்கு ஆபத்தான நிலை என்று கணிக்க முடியாமல் போனது பரிதாபம்தான், ஆனால் உடம்பு சரியில்லை என்ற உணர்வு மட்டும் இருந்தாலே நிறுத்துவதற்குப் போதும் என்பது அந்த நீதிபதியின் எண்ணம். அந்தத் தீர்ப்பில் இன்னொரு காரணமும் இருந்தது: முழு நினைவிழப்பு இல்லாவிட்டால் தப்பமுடியாது என்பது. லாரி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காரணத்தைத் தள்ளிவிட்டது. எச்சரிக்கையை மீறி ஓட்டினார் என்ற காரணம் அப்படியே நிற்கிறது.

ஆக, இரு மனிதர்களும் மோதிவிட்டு நிறுத்தாமல் ஓட்டினார்கள். ஒருவர் பொறுப்பாளி, மற்றவர் இல்லை. வித்தியாசம் மோதலில் இல்லை, உள்ளே அவர்கள் உணர்ந்ததில் இருக்கிறது.

இதுவரை சொன்னவர்கள் தங்கள் நோயை அறியாதவர்கள். அறிந்தவர்களின் கதை வேறு. வலிப்பு நோய் இருப்பது தெரிந்தும் ஓட்டினாலே கவனக்குறைவு என்று ஒரு சட்டென்ற முடிவு பலர் மனத்தில் இருக்கிறது. கலிபோர்னியாவில் 1967 ஏப்ரலில் நடந்த விபத்து அதை மறுக்கிறது. ஒரு தம்பதியின் சைக்கிள் கடைச் சுவரை உடைத்துக்கொண்டு ஒரு கார் உள்ளே வந்தது. கடையில் வேலை செய்துகொண்டிருந்த மனைவிக்குக் காயம். ஓட்டியவருக்கு வலிப்பு வந்திருந்தது. 1952-ல்தான் அவருக்கு முதல் வலிப்பு வந்தது. நரம்பியல் மருத்துவரைப் பார்த்து மருந்து எடுத்துக்கொண்டார். 1953-க்குப் பிறகு அந்த விபத்து நாள் வரை 14 ஆண்டுகள் ஒரு வலிப்புகூட வரவில்லை. மாநிலத்தின் வாகனத் துறைக்கு இவருடைய நோய் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பின்னாளில் ஆண்டுக்கு ஒருமுறையும் மருத்துவரின் எழுத்துமூல அறிக்கையைக் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு உரிமம் வைத்திருந்தார், கொடுத்தும் வந்தார். இவர் ஓட்டுவது பாதுகாப்பானது என்றே தான் கருதியதாக மருத்துவர் சாட்சி சொன்னார். ஜூரிகள் ஓட்டுநர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

காயம்பட்டவரும் கணவரும் கேட்டது வேறொன்று: தவறு இருக்கிறதா என்று பார்க்கவே வேண்டாம், நோய் இருப்பது தெரிந்து சாலையில் இறங்கியவர் விளைவுக்குப் பொறுப்பு என்று வைத்துவிடுங்கள். பழுதான பொருளை விற்ற தொழிற்சாலைமீது அப்படிப்பட்ட பொறுப்பைச் சுமத்தும் சட்டம் அப்போது அந்த மாநிலத்தில் வளர்ந்துகொண்டிருந்தது, அதைக் காட்டித்தான் கேட்டார்கள். 1971-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. பொருளை விற்றவர் செலவை விலையில் ஏற்றி எல்லோர்மீதும் பரப்ப முடியும், தனி ஓட்டுநரால் முடியாது. மேலும் இப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தால் காப்பீடு, பொறுப்பின் எல்லை எல்லாவற்றையும் விரிவாக வகுக்க வேண்டியிருக்கும், அது நீதிமன்றம் ஒரு வழக்கில் செய்கிற வேலை இல்லை என்றது.

இந்த இரண்டாவது காரணத்தில் இன்றும் வலு இருக்கிறது. முதல் காரணத்தை எளிதில் ஏற்க முடியாது. ஓட்டுநரும் காப்பீட்டுக் கட்டணம் கட்டுகிறார், சுமை அதன் வழியாக எல்லோரிடமும் பரவத்தான் செய்கிறது.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவரின் கதை இது. அதே நோயைத் தெரிந்துவைத்துக்கொண்டு அலட்சியமாக ஓட்டியவரைக் குற்றவாளியாகவும் ஆக்கலாம் என்று நியூயார்க்கின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1956-ல் சொன்னது. பஃபலோ நகரில் 1955 மார்ச்சில் ஒரு கார் நடைபாதையில் ஏறி நான்கு சிறுமிகளைக் கொன்றிருந்தது. ஓட்டியவருக்குச் சிறுவயதில் மூளையில் ஏற்பட்ட காயத்தால் வலிப்பு வரும், அது அவருக்கே தெரியும். மோதியபோது நினைவில்லை என்ற வாதத்துக்கு நீதிமன்றத்தின் பதில், அவர் செய்த தவறு காரில் ஏறி ஓட்டத் தொடங்கியதில் இருக்கிறது என்பது. அப்போது அவர் நினைவோடுதான் இருந்தார்.

நடைமுறையில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நினைவிழந்த மனிதர் தனக்கு முன்னே என்ன தெரிந்தது என்று சொல்வதை மட்டும் நம்பி வழக்கு நடத்த முடியாது. மயக்கத்தின் வகையே முதல் தடயம். பயத்தாலோ, நின்றுகொண்டே இருந்ததாலோ, வெக்கையாலோ வரும் சாதாரண மயக்கத்தில் ரத்த அழுத்தம் திடீரென்று குறைகிறது. அதற்குமுன் பெரும்பாலும் வியர்க்கும், குமட்டும், பார்வை மங்கும். சில நொடிகளாவது அவகாசம் இருந்திருக்கும். இதயத்தின் துடிப்பு ஒழுங்கு கெட்டு வரும் மயக்கம் எந்த அறிகுறியும் காட்டாமலே வரலாம். வலிப்பு வருமுன் சிலருக்கு வயிற்றில் ஒரு கிளர்ச்சி, விசித்திரமான வாசனை போன்ற உணர்வுகள் வரும், சிலருக்கு ஒன்றும் வராது. நாக்கு கடிபட்டிருந்தால், வெகுநேரம் குழப்பத்தில் இருந்தால் வலிப்பு என்ற எண்ணம் வலுக்கும். மயங்கியவர் பொதுவாகச் சீக்கிரம் தெளிந்துவிடுவார். ஆனால் விபத்தில் தலையில் அடிபட்டாலும் குழப்பம் வரும், ஆகவே இதை மட்டும் வைத்து அறுதியிட முடியாது. இன்சுலின் போடும் நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை குறைந்தால் உடல் நடுங்கும், வியர்க்கும், பசிக்கும். ஆண்டுக்கணக்கில் நோய் இருப்பவர்களில் சிலருக்கு அந்த எச்சரிக்கையே இல்லாமல் போய்விடுகிறது. போய்விட்டது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அடுத்த முறை வண்டியை எடுத்தது ஏன் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்த தடயம் காகிதம். மருத்துவக் கோப்பு, வலிப்பு மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்ற சோதனை, கடையில் மாத்திரை வாங்கிய பில். ரத்தத்தில் மருந்து இல்லை, மூன்று மாதமாக மாத்திரை வாங்கவில்லை என்றால் பேச்சு முடிந்தது. சாலையில் பிரேக் தடம் இல்லாததும் மயக்கத்துக்கு ஒரு சாட்சிதான், ஆனால் பலவீனமான சாட்சி. கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் பிரேக் பிடிப்பதில்லை.

நிரூபிக்கும் சுமை இங்கே முன்னும் பின்னும் போகிறது. வழக்குத் தொடுத்தவர்தான் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். ஆனால் லாரி ஒன்று நல்ல சாலையை விட்டு விலகிக் கடைக்குள் புகுந்தது என்று காட்டினாலே போதும், சம்பவமே பேசும். அதன்பின் ஓட்டுநர் தரப்பு, தனக்கு நேர்ந்தது எதிர்பாராத நோய் என்பதற்கு மருத்துவச் சான்றோடு வரவேண்டும். ஒன்றும் நினைவில்லை, மயங்கியிருப்பேன் என்று வாயால் சொல்வது போதாது. தூங்கிப்போனவரும் அதையே சொல்வார். தூக்கம் பெரும்பாலும் எச்சரித்துவிட்டு வரும், அதனால் சட்டம் அதை மன்னிப்பதில்லை.

காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதையே பொறுத்து ஒரு பெரும் துயரம் நின்றதற்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் சான்று. 2014 டிசம்பர் 22, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, நகராட்சியின் குப்பை லாரி ஒன்று குயின் தெருவில் நடைபாதையில் ஏறியது. ஓட்டுநர் நினைவிழந்திருந்தார். லாரி சுமார் 19 நொடிகள் ஓடி, ஜார்ஜ் சதுக்கத்தின் ஓட்டல் ஒன்றில் மோதி நின்றது. 6 பேர் இறந்தார்கள், 15 பேர் காயமடைந்தார்கள். நோய் திடீரென்று வந்தது, பாவம் ஓட்டுநர் என்று முதலில் தோன்றியது.

விசாரணையில் வேறொன்று வெளிவந்தது. 2010-ல், அதே மனிதர் ஒரு பேருந்து ஓட்டுநராக இருந்தபோது, நிறுத்தத்தில் நின்ற பேருந்தின் ஓட்டுநர் இருக்கையிலேயே மயங்கியிருக்கிறார். மருத்துவர்களிடம் இதை அவர் ஒரே மாதிரி சொல்லவில்லை. வெக்கையான கேன்டீனில் மயங்கியதாகச் சொன்ன பதிவு இருந்தது. இது சாதாரண மாற்றமில்லை. கேன்டீனில் நின்றபடி மயங்குவது ஓட்டுவதற்குப் பெரிய தடை இல்லை, ஸ்டியரிங்கில் அமர்ந்தபடி மயங்குவது தடை. மருத்துவருக்கு இடம் மாற்றிச் சொன்னதால் அவர் ஓட்டத் தகுதியானவர் என்று மதிப்பிடப்பட்டார். பிறகு நகராட்சியில் லாரி ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தபோதும் பழைய மயக்கம் சொல்லப்படவில்லை. 2015 டிசம்பரில் விசாரணை அறிக்கையை வெளியிட்ட ஷெரிஃப் ஜான் பெக்கெட், அந்த மனிதர் உண்மையைச் சொல்லியிருந்தால் விபத்து தவிர்க்கப்பட்டிருக்கக்கூடும் என்று பதிவு செய்தார்.

ஆனால் குற்ற வழக்கு எதுவும் நடக்கவில்லை. ஸ்காட்லாந்தின் அரசு வழக்குத் தரப்பு சொன்ன காரணம் கேட்கக் கஷ்டமானது, சட்டப்படி எளிமையானது. 2010-ல் மருத்துவர்கள் இவரிடம் ஓட்டலாம் என்றே சொல்லியிருந்தார்கள். ஆகவே 2014-ல் தான் ஓட்டத் தகுதியற்றவர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க முடியாது. குடும்பங்கள் தனியார் வழக்குத் தொடர அனுமதி கேட்டன. 2016-ல் எடின்பரோ உயர்நீதிமன்றம் மறுத்தது.

தவறு செய்ததற்கும் குற்றம் புரிந்ததற்கும் இடையிலான தூரம் இங்கே தெரிகிறது. சிவில் வழக்கில், மயக்கத்தைப் பற்றி மறைத்தவர் கவனக்குறைவானவர் என்று நீதிபதி நம்பினால் போதும், நிகழ்தகவின் எடை இந்தப் பக்கம் சாய்ந்தால் போதும். குற்ற வழக்கில் அது போதாது. பொய்யை நிரூபிப்பதும், அந்தப் பொய்யால் தனக்கு ஆபத்து இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிப்பதும் வேறு வேறு வேலைகள்.

மறைக்கத் தூண்டுவது எது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் வலிப்பு வந்தவர் சாதாரண கார் ஓட்டப் பொதுவாக ஓராண்டு வலிப்பின்றி இருக்க வேண்டும். லாரி, பேருந்து ஓட்ட மருந்தே இல்லாமல் 10 ஆண்டுகள் இருக்க வேண்டும். காரோட்டிக்கு ஓராண்டு சிரமம், லாரி ஓட்டுநருக்கு அது பிழைப்பே போவது. அதனால்தான் லாரி ஓட்டுநரை மருத்துவர் கேள்வி கேட்கும்போது பதில் மாறுகிறது.

இந்தியாவில் இந்தச் சங்கடம் உரிமம் வாங்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது தரும் உடல்தகுதி உறுதிமொழியான படிவம் 1-இல், கால்-கை வலிப்போ, எந்தக் காரணத்தாலோ திடீரென்று நினைவிழப்பதோ தலைசுற்றலோ உண்டா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். ஆம் என்று எழுதினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் பலரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் யாரும் துருவிக் கேட்பதும் அரிது. பிறகு விபத்து நடந்தால், அந்தக் கையெழுத்தே அவருக்கு எதிரான ஆவணமாகிறது: நோய் தெரிந்திருந்தது, மறைத்தார் என்பதற்குச் சான்று. நோயோடு ஓட்டுவதே மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 186-ஆம் பிரிவின்கீழ்த் தனிக்குற்றமும் ஆகும். ஆள் இறந்திருந்தால் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு தண்டிக்கிறது.

இறந்தவரின் குடும்பத்துக்கு ஓட்டுநரின் மனம் எப்படி இருந்தது என்பது இரண்டாம் விஷயம், இழப்பீடுதான் முதல் விஷயம். இங்கே இந்தியச் சட்டம் இரண்டு வாசல்களைத் திறந்துவைத்திருக்கிறது. 166-ஆம் பிரிவின்கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முழு இழப்பீடு கேட்கலாம், ஆனால் கவனக்குறைவை நிறுவ வேண்டும். ஓட்டுநர் உண்மையிலேயே எதிர்பாராமல் மயங்கினார் என்று காப்பீட்டு நிறுவனம் நிரூபித்துவிட்டால் இந்த வாசல் இறுகிவிடும். 2019 திருத்தத்துக்குப் பிறகான 164-ஆம் பிரிவில் யாருடைய தவறு என்று பேசவே தேவையில்லை. மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் என்று தொகை குறிக்கப்பட்டிருக்கிறது. சம்பாதிக்கும் நடுவயது ஆளை இழந்த குடும்பத்துக்கு 166-இல் கிடைக்கக்கூடியதை விட இது மிகக் குறைவு, அதனால்தான் வழக்கறிஞர்கள் முதலில் ஓட்டுநரின் மருத்துவச் சீட்டுகளைத் தேடுகிறார்கள்.

166-இல் கவனக்குறைவு இல்லாமலே வெல்ல ஒரு பாதை உண்டு. 2001-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், ஓடும் ஜீப்பின் முன் டயர் வெடித்து அது கவிழ்ந்து சாலையில் சென்ற ஒருவர் இறந்ததற்கு, ஓட்டுநரிடம் தவறு இல்லாவிட்டாலும் இழப்பீடு உண்டு என்றது. ஆபத்தான ஒன்றைச் சாலையில் கொண்டுவந்தவர் அதன் விளைவைத் தாங்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. டயர் வெடிப்புக்குப் பொருந்தும் இந்த விதி, ஓட்டுநரின் மூளையில் ஏற்படும் கோளாறுக்கும் பொருந்தும் என்று வாதிடலாம். கலிபோர்னியத் தம்பதி கேட்டு மறுக்கப்பட்டது ஏறக்குறைய இதுதான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே இழப்பீட்டைப் பெரும்பாலும் கொடுப்பது கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு, ஓட்டுநரின் பையிலிருந்து அல்ல. ஆகவே தவறில்லாப் பொறுப்பை ஏற்பதற்கு இந்திய நீதிமன்றத்துக்கு இருக்கும் தயக்கம் அங்கே இருந்ததைவிடக் குறைவு.